எடைக்குறைப்பு அறுவை: எது பொருந்தும், அதன்பின் எதையெல்லாம் விடக்கூடாது

"நாங்கள் கடலூர் மஞ்சக்குப்பம். என் அக்காவுக்கு 42 வயது, உயரம் 155 செ.மீ., எடை 88 கிலோ. ஆறு வருடமாகச் சர்க்கரைக்கு மாத்திரை. ராத்திரியில் நெஞ்செரிச்சலும் இருக்கிறது. புதுச்சேரியில் ஒரு டாக்டர் எடை குறைக்கிற ஆபரேஷன் செய்துகொள்ளலாம் என்கிறார். அதில் என்னதான் செய்வார்கள்? அக்காவுக்கு அது பொருந்துமா? அப்புறம் ஆயுசு முழுக்க என்ன பார்த்துக்கொள்ள வேண்டும்?"

நான் அறுவை மருத்துவர் அல்லன். இந்த அறுவை செய்துகொண்டவர்களுக்கு உணவையும் சத்து மாத்திரைகளையும் வகுத்துக் கொடுத்து, ஆண்டுக்கணக்கில் அவர்களைத் தொடர்ந்து பார்த்துவரும் உணவியல் நிபுணர், வேலை புதுச்சேரியில். உங்கள் விவரத்தைப் படித்ததும் எடையைவிட அந்த இரவு நெஞ்செரிச்சலில்தான் என் கண் நின்றது. எந்த அறுவை என்பதையே அது மாற்றிவிடக்கூடும் என்பதால் அதைப் பற்றிச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் தகுதி. எடையை, மீட்டரில் எடுத்த உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் வருவதுதான் பி.எம்.ஐ. அக்காவுக்கு 1.55ஐ 1.55ஆல் பெருக்கினால் ஏறக்குறைய 2.40, 88ஐ அதனால் வகுத்தால் 36.6. எடைக்குறைப்பு அறுவை மருத்துவர்களின் அமெரிக்கச் சங்கமும் பன்னாட்டுச் சங்கமும் 2022இல் சேர்ந்து வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, பி.எம்.ஐ. 35க்கு மேல் இருந்தால் வேறு நோய் இல்லாவிட்டாலும் அறுவையைப் பரிந்துரைக்கலாம். சர்க்கரை நோய் இருந்தால் 30 போதும். நம்மைப் போன்ற ஆசியர்களுக்கு வயிற்றுப் பகுதியில் கொழுப்பு சேர்வதும் சர்க்கரை வருவதும் குறைந்த எடையிலேயே நடந்துவிடுவதால், 27.5லிருந்தே அறுவையைப் பரிசீலிக்கலாம் என்று அதே வழிகாட்டுதல் சொல்கிறது. ஆகவே மருத்துவக் கணக்கில் அக்காவுக்குத் தகுதி இருக்கிறது.

காப்பீட்டுக் கணக்கு வேறு. இந்தியக் காப்பீட்டு ஒழுங்காற்று ஆணையம் வகுத்துள்ள பொதுவான நிபந்தனையில் பி.எம்.ஐ. 40 இருக்க வேண்டும். அல்லது 35க்கு மேல் இருந்து, அதனுடன் இதய நோய், கடுமையான தூக்க மூச்சுத்திணறல், கட்டுக்குள் வராத சர்க்கரை போன்ற ஒன்று இருக்க வேண்டும். எளிய வழிகளை முயன்று பலன் இல்லாமல் போயிருக்கவும் வேண்டும். அக்கா இரண்டாவது வகையில் வரக்கூடியவர். "சர்க்கரை உண்டு" என்று எழுதினால் போதாது, மருந்து எடுத்தும் கட்டுக்குள் வரவில்லை என்பதற்கு எச்பிஏ1சி என்னும் மூன்று மாதச் சராசரிப் பரிசோதனைச் சீட்டுகள் தேவைப்படும். பழைய சீட்டுகளையும் மருந்துச் சீட்டுகளையும் இப்போதே ஒரு கோப்பில் சேர்த்து வையுங்கள்.

எண் மட்டும் தகுதி ஆகிவிடாது. தைராய்டு குறைவாலோ, நெடுநாள் ஸ்டீராய்டு மாத்திரையாலோ எடை ஏறியிருந்தால் முதலில் அதைச் சரிசெய்ய வேண்டும். சிகிச்சை பெறாத மன அழுத்தம், மனம் சோரும்போதெல்லாம் கட்டுப்பாடின்றி உண்ணும் பழக்கம், மதுவைச் சார்ந்திருத்தல் ஆகியவை இருந்தால் நல்ல மருத்துவர்கள் அறுவையைத் தள்ளிப்போடுவார்கள். மனநல மருத்துவரிடம் அனுப்பினால் அக்கா வருத்தப்பட வேண்டாம். எல்லாரையும் அனுப்புவதுதான் முறை. குழந்தைப்பேறு பற்றிய எண்ணம் இருந்தால் அறுவைக்குப் பின் 12 முதல் 18 மாதங்கள் பொறுத்திருக்க வேண்டும். பைபாஸுக்குப் பின் கருத்தடை மாத்திரைகள் சரியாக உறிஞ்சப்படாமல் போகலாம் என்பதால் அதற்கும் வேறு வழியைக் கேட்டு வைத்துக்கொள்வது நல்லது.

இனி அறுவைக்கு வருவோம். நம் பக்கம் பெரும்பாலும் இரண்டு வகைதான் பேசப்படும். ஸ்லீவ் எனப்படும் முறையில் இரைப்பையின் வெளிப்புற வளைவை ஒட்டி, முக்கால் பாகத்துக்கும் சற்றுக் கூடுதலாக வெட்டி எடுத்துவிடுவார்கள். பை போல் இருந்த இரைப்பை ஒரு வாழைப்பழத்தின் வடிவில் குழாயாக மிஞ்சும். வெட்டிய பகுதியை மீண்டும் வைக்க வழியில்லை. பசியைத் தூண்டும் ஹார்மோன் பெருமளவு சுரக்கும் மேல்பகுதியும் போய்விடுவதால் உணவு குறைவதோடு பசியும் தணிகிறது.

பைபாஸ் முறையில் எதையும் வெட்டி எடுப்பதில்லை. இரைப்பையின் மேல்முனையில் சுமார் 30 மி.லி. கொள்ளும் ஒரு சிறு பையைத் தனியாகப் பிரித்து, சிறுகுடலைச் சற்றுத் தொலைவில் துண்டித்து, அதன் கீழ்முனையை இந்தப் பையோடு தைத்துவிடுவார்கள். உண்ட உணவு பெரிய இரைப்பைக்குள் போகாமல் நேரே சிறுகுடலுக்கு இறங்கும். பெரிய இரைப்பை உள்ளேயே இருந்து சாறு சுரக்கும். பித்தநீரும் கணையநீரும் சேர்ந்து அந்தச் சாறு இன்னும் கீழே போய் உணவோடு கலக்கும். இதய பைபாஸோடு இதற்குத் தொடர்பு எதுவும் இல்லை. பெயர் ஒன்றாக இருப்பதால் வீட்டில் பெரியவர்கள் பயந்துவிடுகிறார்கள், அதனால் சொல்கிறேன்.

இப்போது அந்த நெஞ்செரிச்சல். ஸ்லீவ் முறையில் மிஞ்சுவது ஒடுங்கிய குழாய். அதற்குள் அழுத்தம் கூடும்; அமிலம் மேல்நோக்கி ஏறுவது எளிதாகும். முன்பே எரிச்சல் உள்ளவர்களுக்கு அது கூடுவதும், இல்லாதவர்களுக்குப் புதிதாக வருவதும் உண்டு. மாத்திரைக்கும் அடங்காமல், பிறகு ஸ்லீவை பைபாஸாக மாற்றிக்கொண்டவர்களை நான் பார்த்திருக்கிறேன். ஒரே வயிற்றில் இரண்டு பெரிய அறுவைகள். பைபாஸில் அமிலம் சுரக்கும் பகுதி உணவுப் பாதையிலிருந்து விலகிவிடுவதால் எரிச்சல் பெரும்பாலும் நின்றுவிடுகிறது. எனவே அறுவைக்கு நாள் குறிக்கும் முன் எண்டோஸ்கோபி கட்டாயம் செய்ய வேண்டும். உணவுக்குழாயின் அடிப்பகுதி புண்ணாகியிருக்கிறதா, இரைப்பை உதரவிதானத்தின் வழியாக மேலே பிதுங்கியிருக்கிறதா, எச்.பைலோரி கிருமி இருக்கிறதா என்று அதில் தெரிந்துவிடும். முதல் இரண்டில் ஒன்று இருந்தால், "பைபாஸ் ஏன் கூடாது?" என்று மருத்துவரிடம் நேராகவே கேளுங்கள். ஆறு ஆண்டாக மாத்திரையில் இருக்கும் சர்க்கரைக்கும் பைபாஸ் சற்றுக் கூடுதலாகவே பலன் தருகிறது. உணவு கீழ்க்குடலை விரைவில் எட்டும்போது இன்சுலினைத் தூண்டும் குடல் ஹார்மோன் கூடுகிறது. அதனால்தான் எடை இறங்கத் தொடங்கும் முன்பே, சில நாட்களிலேயே சர்க்கரை இறங்குவதைக் காண்கிறோம். அக்காவுக்கு பைபாஸ் என்று வைத்துக்கொண்டே மேலே எழுதுகிறேன்.

அறுவைக்கு முன் இரண்டு வாரம் மாவுச்சத்தும் கொழுப்பும் வெகுவாகக் குறைத்த உணவு தருவார்கள். அது பத்தியத்துக்காக அல்ல. கொழுப்பேறிய கல்லீரல் இரைப்பையின் மேல் போர்த்தியதுபோல் கிடக்கும். அது சுருங்கினால்தான் கருவியை உள்ளே செலுத்த இடம் கிடைக்கும். சர்க்கரை மாத்திரைகளில் டாபாக்ளிஃப்ளோசின், எம்பாக்ளிஃப்ளோசின் என்று பெயர் உள்ளவை இருந்தால் அறுவைக்குக் குறைந்தது மூன்று நாள் முன்பே நிறுத்த வேண்டும்; பட்டினியோடு அவை சேர்ந்தால், சர்க்கரை அதிகம் ஏறாமலேயே இரத்தம் அமிலமாகிவிடும் ஆபத்து உண்டு. எந்த மாத்திரையை எப்போது நிறுத்துவது என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

அறுவை வயிற்றில் நான்கைந்து சிறு துளைகள் வழியாக நடக்கும். அன்று மாலையே எழுப்பி நடக்கவைப்பார்கள். காலில் இரத்தம் உறைந்து நுரையீரலுக்குப் போகாமல் தடுக்க அதுவும் ஓர் ஊசியும் துணை. இரண்டு மூன்று நாளில் வீடு திரும்பலாம். தேர்ந்த மருத்துவமனைகளில் உயிரிழப்பு ஆயிரத்தில் ஒருவர் என்ற அளவில்தான் இருக்கிறது. ஆனாலும் தையலில் கசிவு என்பது நூற்றில் ஒருவருக்கு வரக்கூடியது. அது வீட்டுக்கு வந்தபிறகும் தெரியலாம். நாடித்துடிப்பு ஓய்விலும் நிமிடத்துக்கு 120ஐத் தாண்டுவது, இடது தோள்பட்டையில் வலி, காய்ச்சல், மூச்சிரைப்பு ஆகியவைதான் அதன் அடையாளங்கள். வயிறு மென்மையாக இருக்கிறதே என்று காத்திருக்கக் கூடாது, ஏனெனில் பருமனான உடலில் வயிறு இறுகுவது கைக்குத் தெரிவதில்லை. முதல் இரண்டு வாரம் நாடியை எண்ணத் தெரிந்த ஒருவர் வீட்டில் இருக்கட்டும்.

உணவு முதலில் நீர்மமாகவும், பிறகு மசித்ததாகவும், பிறகு குழைந்ததாகவும் படிப்படியாக வந்து, ஆறு முதல் எட்டு வாரத்தில் வழக்கமான உணவைத் தொடும். இந்த நாட்களில் சர்க்கரை மாத்திரையின் அளவைக் குறைக்காமல் விட்டால் தாழ்சர்க்கரை வரும். தினமும் விரல்நுனியில் பார்த்து மருத்துவரிடம் சொல்ல வேண்டும். நாள்கணக்கில் வாந்தி நிற்கவில்லை என்றால் அதைப் பழக்கக் கோளாறு என்று விட்டுவிடாதீர்கள். உடலில் பி1 சத்தின் இருப்பு இரண்டு மூன்று வாரத்துக்குத்தான் வரும். அது தீர்ந்தால் கண் இரட்டையாகத் தெரியும், நடை தள்ளாடும், பேச்சு குழறும். அப்படி வந்தவருக்கு பி1 ஊசி போடாமல் குளுக்கோஸ் மட்டும் ஏற்றினால் நிலைமை மோசமாகும். அவசரப் பிரிவில் இதை எடுத்துச் சொல்ல வீட்டார் தயங்கக் கூடாது.

எங்களிடம் வருபவர்கள் மிகவும் தடுமாறுவது தட்டில்தான். ஆறு மாதத்தில் ஒரு வேளைக்கு ஒரு கிண்ணம் அளவே உள்ளே போகும். அதில் இரண்டு இட்லியும் சாம்பாரும் போனால் கிடைக்கும் புரதம் ஐந்தாறு கிராம். தேவையோ நாளுக்கு 60 கிராம். புரதம் குறைந்தால் கொழுப்போடு தசையும் கரையும், முடி கொட்டும், மாடி ஏறக் கால் தளரும். நான் எழுதித்தரும் ஒரு நாள் இப்படி இருக்கும்: காலையில் இரண்டு முட்டை, 12 கிராம். பத்தரை மணிக்கு ஒரு தம்ளர் பால், 6 கிராம். மதியம் கடலூர் துறைமுகத்து மீன், சங்கராவோ நெத்திலியோ, முள் நீக்கி 100 கிராம் அளவுக்கு. அதில் 20 கிராம். மாலையில் அரைக் கிண்ணம் சுண்டல், 7 கிராம். இரவு பனீர் 75 கிராமும் சிறிது தயிரும், 16 கிராம். கூட்டினால் 61. மீனை முதலில் உண்டு, காயை அடுத்து உண்டு, சோற்றைக் கடைசியில் ஒரு கரண்டி. நம் வழக்கத்தை அப்படியே தலைகீழாகத் திருப்ப வேண்டியிருக்கிறது. கவளத்தை நன்றாக மென்று, இருபது முப்பது நிமிடம் எடுத்து உண்ண வேண்டும்.

உணவோடு தண்ணீர் கூடாது. உண்டு அரை மணி கழித்தே குடிக்க வேண்டும். தண்ணீர் சேர்ந்தால் உணவு பையில் தங்காமல் வழிந்து இறங்கிவிடும், பசி அடங்காது. ஆனால் கடலூரின் கத்திரி வெயிலில் ஒன்றரை முதல் இரண்டு லிட்டர் உள்ளே போயாக வேண்டும். ஒரே மூச்சில் ஒரு சொம்பு குடித்துப் பழகியவருக்கு இனி அது முடியாது. கையில் பாட்டிலோடு நாள் முழுக்க மிடறு மிடறாகக் குடிக்கப் பழக வேண்டும்.

கல்யாண வீட்டில் ஒரு கிண்ணம் பாயசம் குடித்தால் என்ன ஆகும் என்று கேட்பார்கள். பைபாஸ் ஆனவருக்குச் சர்க்கரை நேரே சிறுகுடலில் கொட்டும். உடலிலிருந்து நீரை அது குடலுக்குள் இழுக்கும். கால்மணி நேரத்தில் நெஞ்சு படபடக்கும், வியர்த்துக் கொட்டும், வயிறு பிசையும், படுத்தே ஆக வேண்டும் போலிருக்கும். சிலருக்கு ஒன்று முதல் மூன்று மணி நேரம் கழித்துத் தாழ்சர்க்கரையாக இரண்டாவது முறை வரும். பந்தியில் மயங்கி விழுந்தவரைப் பார்த்து "சர்க்கரை இறங்கிவிட்டது" என்று இன்னும் பாயசம் ஊட்டினால் அதே சுழல் மீண்டும் தொடங்கும். பிஸ்கட்டும் முறுக்கும் இப்படி எச்சரிப்பதில்லை. அவை மென்றதும் கரைந்து சுலபமாக இறங்கிவிடுகின்றன. இரண்டாம் ஆண்டுக்குப் பின் எடை திரும்ப ஏறியவர்களின் உணவுக் குறிப்பில் நான் அதிகம் காண்பது டீயோடு அவற்றைத்தான்.

இனி மாத்திரைகள். அறுவையின் முழு நன்மையும் இங்கேதான் காக்கப்படுகிறது அல்லது கெடுகிறது. வில்லியனூர்ப் பக்கத்திலிருந்து ஒரு தையற்காரப் பெண், வயது 46, பைபாஸ் ஆகி நான்காம் ஆண்டில் என்னிடம் வந்தார். 102 கிலோ 71 ஆகியிருந்தது, சர்க்கரை மாத்திரை நின்றிருந்தது, பார்ப்பவர்கள் பாராட்டினார்கள். ஒன்றரை ஆண்டில் எல்லாப் பரிசோதனையும் சரியாக இருந்ததால் சத்து மாத்திரைகளையும் தாமே நிறுத்தியிருந்தார். பிறகு சோர்வு வந்தது. இரத்தசோகை என்று யாரோ சொல்ல, இரும்பும் ஃபோலிக் அமிலமும் சேர்ந்த மாத்திரை வாங்கிச் சாப்பிட்டார். சோர்வு சற்றுக் குறைந்தது. ஆனால் ஊசியில் நூல் கோக்கும்போது ஊசி விரலில் இருப்பதே தெரியவில்லை என்றார். தெருவில் செருப்பு கழன்று விழுந்ததை வீட்டுக்கு வந்துதான் கவனித்திருக்கிறார். நாக்கு வழுவழுவென்று சிவந்திருந்தது. இரத்தத்தில் பி12 மிகவும் தாழ்ந்திருந்தது.

நடந்தது இதுதான். உணவிலுள்ள பி12ஐப் பிரித்தெடுக்க இரைப்பை அமிலமும், குடலில் அதை உறிஞ்ச இரைப்பை சுரக்கும் ஒரு புரதமும் தேவை. பைபாஸுக்குப் பின் உணவு அந்த இரைப்பையைத் தொடுவதே இல்லை. கல்லீரலில் ஆண்டுக்கணக்கில் இருப்பு இருப்பதால் முதலிரண்டு ஆண்டு பரிசோதனைகள் சரியாகவே காட்டும். இருப்பு தீர்ந்த பிறகே குறை தெரியும். ஃபோலிக் அமிலம் இரத்தசோகையை ஓரளவு சரிசெய்து குறையை மறைத்துவிடும். நரம்பு மட்டும் உள்ளே சிதைந்துகொண்டே இருக்கும். அவருக்கு முதலில் ஒருநாள் விட்டு ஒருநாள், பிறகு வாரம் ஒன்று, பிறகு மாதம் ஒன்று என்று ஊசி போடப்பட்டது. சோர்வு சில வாரங்களில் போனது. பாதத்து மதமதப்பு ஓராண்டு கழித்தும் முழுதாகப் போகவில்லை.

உங்கள் அக்காவுக்கு இதில் கூடுதலாக ஒரு கவலை உண்டு. ஆறு ஆண்டாக எடுக்கும் மாத்திரை மெட்ஃபார்மின் என்றால் அதுவே பி12ஐக் குறைக்கும். அறுவைக்கு முன்பே பி12, உடலின் இரும்பு இருப்பைக் காட்டும் ஃபெரிட்டின், டி வைட்டமின் மூன்றையும் பார்த்து, குறைவாக இருந்தால் நிரப்பிக்கொண்டு போகச் சொல்லுங்கள். பிறகு வழக்கமாகத் தரப்படுவது நாளுக்கு 350 முதல் 1000 மைக்ரோகிராம் பி12 மாத்திரை அல்லது மாதம் ஒரு 1000 மைக்ரோகிராம் ஊசி. மாதவிடாய் நிற்காதவர் என்பதால் இரும்பு 45 முதல் 60 மி.கி.; சுண்ணாம்புச்சத்து, அமிலம் இல்லாமலும் கரையும் சிட்ரேட் வகையில், 1200 முதல் 1500 மி.கி., இரண்டு மூன்று வேளையாகப் பிரித்து. இரும்பையும் சுண்ணாம்பையும் ஒன்றாக விழுங்கினால் ஒன்றையொன்று தடுக்கும். இடையில் இரண்டு மணி நேரம் வேண்டும். இரும்பு மாத்திரை டீயோடும் சேரக்கூடாது. துல்லியமான அளவை அவருடைய பரிசோதனை முடிவைப் பார்த்து மருத்துவர் சொல்வார். முதல் ஆண்டில் மூன்று மாதத்துக்கு ஒருமுறையும், பிறகு உயிருள்ளவரை ஆண்டுக்கு ஒருமுறையும் இரத்தம் பார்க்க வேண்டும்.

மூட்டு வலிக்கு மெடிக்கலில் டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென் வாங்கிப் போடும் வழக்கம் இருந்தால் அது அடியோடு நிற்க வேண்டும். புதிய பையும் குடலும் இணைந்த இடத்தில் அவை புண் உண்டாக்கும். மலம் தார் போலக் கறுத்தால் அந்தப் புண்ணில் இரத்தம் கசிகிறது என்று பொருள். புகையும் அதே இடத்தைத்தான் அரிக்கிறது. அக்காவுக்கு மதுப் பழக்கம் இருக்காது என்றே நினைக்கிறேன். ஆனால் புதுச்சேரியில் இதைப் படிக்கும் ஆண்களுக்காகச் சொல்கிறேன்: பைபாஸுக்குப் பின் மது மிக விரைவில் இரத்தத்தில் ஏறும், இறங்க நேரமாகும், முன்பு பழக்கமே இல்லாதவர்கள்கூட இரண்டு மூன்று ஆண்டில் அதற்கு அடிமையானதைப் பார்க்கிறோம். முழுவதும் விடுவதே சரி.

எடையைப் பொறுத்தவரை ஒன்றரை ஆண்டில் மொத்த எடையில் நான்கில் ஒரு பங்கு முதல் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவு வரை இறங்குவது பொதுவான அளவு. 88 கிலோ என்பது 62க்கும் 66க்கும் இடையில் வந்து நிற்கலாம். 50 கிலோ ஆகிவிடும் என்று யாரேனும் சொன்னால் நம்ப வேண்டாம்.

பைபாஸுக்கே உரிய இன்னொரு ஆபத்தும் உண்டு. எடை இறங்க இறங்க வயிற்றுக்குள் கொழுப்புத் திரை மெலியும். மாற்றித் தைத்த குடலுக்குப் பின்னால் இடைவெளி உண்டாகி, அதற்குள் குடல் நுழைந்து முறுக்கிக்கொள்ளலாம். அறுவை முடிந்து ஐந்தாறு ஆண்டு ஆன பிறகும் இது வரும். உண்ட பின் நடு வயிற்றில் வந்து வந்து போகும் கடும் வலியே பல நேரங்களில் ஒரே அடையாளம். அல்ட்ராசவுண்டில் தெரியாது, சி.டி. ஸ்கேனிலும் சில வேளை தப்பிவிடும். அந்த நேரத்தில் கடலூரில் எந்த மருத்துவமனைக்குப் போனாலும், பணியிலிருக்கும் மருத்துவருக்கு இது பைபாஸ் ஆன வயிறு என்று தெரிந்தாக வேண்டும். மூக்கு வழியாகக் குழாய் விடுவதில்கூட அவர்கள் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். ஆகவே அறுவையின் பெயர், தேதி, செய்த மருத்துவரின் தொலைபேசி எண் மூன்றையும் ஒரு சிறு அட்டையில் எழுதி, உறையிட்டு, அக்காவின் கைப்பையில் எப்போதும் இருக்கும்படி வையுங்கள்.